கொழுப்பு குழம்புக்குப் போகிறது

என் அப்பாவுக்கு எழுபத்தி ஒன்று வயது. ரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் அவர் ஒரு விரதம் பிடித்துக்கொண்டார். இலையில் கறித்துண்டு விழுந்தால் ஓரமாக ஒதுக்கிவிடுவார். "எனக்குக் கறி வேண்டாம், குழம்பு மட்டும் ஊத்து" என்பார். மூன்று குழிக்கரண்டி. மேலே மிதக்கிற மினுமினுப்போடு சேர்த்து. கறியைத் தியாகம் செய்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் தெரியும்.

அவருடைய கணக்கு தப்பு என்று எனக்குத் தெரிய வந்ததே என்னுடைய கணக்கு தப்பாகப் போன பிறகுதான். அதனால் என் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஜிம்மில் சேர்ந்தேன். சேர்ந்தவர்கள் எல்லோரும் செய்வதுபோல ஒரு சமையலறைத் தராசு வாங்கி, போனில் ஒரு செயலியை இறக்கி, சாப்பிடுவதை எல்லாம் அதில் எழுத ஆரம்பித்தேன். வாரத்துக்கு ஒரு முறை தோல் இல்லாத கோழி நெஞ்சுக்கறி வாங்கி, ஓடிஜி அடுப்பின் கிரில்லில் சுட்டு, டப்பாக்களில் அடைத்து வைப்பேன். தினமும் ஒரு டப்பா. சுட்ட கறி, சரியாக 200 கிராம். செயலியில் 'சிக்கன் பிரெஸ்ட்' என்று தேடினால் முதலில் வரும் வரியைத் தட்டுவேன். 45 கிராம் புரதம், 240 கலோரி என்று விழும். திருப்தியாக இருக்கும்.

மூன்று மாதம் ஆயிற்று. எடை இறங்கவில்லை. பயிற்சியாளர் என் உணவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. மறைச்சு எதாச்சும் சாப்பிடறீங்களா?" என்றார். கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நான் மறைக்கவில்லை. தராசுதான் மறைத்தது. செயலியில் நான் தட்டிய வரி பச்சைக் கறிக்கானது, தட்டில் நான் வைத்தது சுட்ட கறி. அமெரிக்க வேளாண்மைத் துறையின் உணவுப் பட்டியலில் தோல் இல்லாத நெஞ்சுக்கறிக்கு இரண்டு வரிகள் இருக்கின்றன. பச்சையாக 100 கிராமில் புரதம் 22.5 கிராம், கொழுப்பு 2.6 கிராம், 120 கலோரி. அடுப்பில் சுட்டபின் 100 கிராமில் புரதம் 31, கொழுப்பு 3.6, 165 கலோரி. அப்படியென்றால் என் 200 கிராம் டப்பாவில் இருந்தது 330 கலோரி. தினமும் 90 கலோரி என் கணக்குக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது. நான் குறைக்க நினைத்ததே ஒரு நாளைக்கு 300 கலோரிதான். மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு டப்பாவில் போயிருக்கிறது.

புரதம் நினைத்ததைவிடக் கூடுதலாகக் கிடைத்தது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் என் நண்பன் ஒருவன் இதையே தலைகீழாகச் செய்துகொண்டிருந்தான். பச்சைக் கறியை 200 கிராம் நிறுத்து, செயலியில் 'கிரில்டு' என்ற வரியைத் தேர்ந்தெடுப்பான். எழுதியது 62 கிராம், உள்ளே போனது 45. தசை ஏறவில்லையே என்று அவன் பவுடர் டப்பா வாங்கப் போனான்.

சரி, 22.5 எப்படி 31 ஆகிறது? நெருப்பு புரதத்தைப் படைக்கவில்லை. கறி சுருங்கியது, அவ்வளவுதான். 22.5-ஐ 31-ஆல் வகுத்தால் 0.73 வரும். ஒரு கிலோ பச்சை நெஞ்சுக்கறி சுட்டபின் 730 கிராம் ஆகிறது, காணாமல் போன 270 கிராமும் கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீர் என்பதுதான் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் செய்தி. கொழுப்பையும் அதேபோல் வகுத்துப் பாருங்கள். 2.6-ஐ 0.73-ஆல் வகுத்தால் 3.6. அச்சு அசலாக அதே எண். அதாவது நெஞ்சுக்கறியை கிரில் செய்தபோது அதிலிருந்து கொழுப்பு ஏறக்குறைய வடியவே இல்லை. வடிவதற்கு அதில் இருந்தால்தானே? 'கிரில் செய்தால் கொழுப்பு வடிந்துவிடும்' என்று ஜிம்மில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம். கொழுப்பில்லாத கறியை வாங்கி வந்துதான் அதைச் சொல்கிறோம்.

தண்ணீர் எப்படி வெளியேறுகிறது என்பது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம், ஏனென்றால் குக்கர் கதையும் இதில்தான் அடங்கியிருக்கிறது. பச்சைக் கறியில் முக்கால் பங்கு தண்ணீர். அது பைக்குள் ஊற்றிய தண்ணீர்போல் தளும்பிக்கொண்டு இருப்பதில்லை. தசை நாரில் நூல் நூலாக இருக்கும் புரதங்களுக்கு நடுவில் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. சூடு 50 டிகிரியை நெருங்கும்போது மையோசின் என்ற புரதம் உருக்குலைந்து பிடியை விட ஆரம்பிக்கிறது. 60-ஐத் தாண்டினால் நார்களைச் சுற்றி உறைபோல இருக்கும் கொலாஜன் சுருங்கி, ஈரத் துணியைப் பிழிவதுபோல உள்ளே இருப்பதைப் பிழிகிறது. 70-ஐத் தாண்டினால் ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் சுருங்கி மிச்சத்தையும் வெளியே தள்ளுகிறது. ஆக, கறி காய்ந்துபோவதற்குக் காரணம் நெருப்பு மேலிருந்து உறிஞ்சுவது மட்டும் இல்லை. உள்ளிருந்து பிழியப்படுவதுதான் பெரிய காரணம். மேலே வந்த தண்ணீரை ஆவியாக்குவதோ தட்டில் சொட்ட விடுவதோதான் நெருப்பின் வேலை.

இதிலிருந்து ஒரு விஷயம் வருகிறது. எவ்வளவு பிழியப்படும் என்பது உள்சூடு எதுவரை ஏறியது என்பதைப் பொறுத்தது. அப்படியானால் 'சுட்ட நெஞ்சுக்கறி 31' என்பதும் ஒரு குறிப்பிட்ட பதத்துக்கான எண்தான். இதைச் சோதிக்க ஒரே அளவில் இரண்டு துண்டு எடுத்தேன். ஒவ்வொன்றும் 250 கிராம். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் வைத்து, ஒன்றை நடுவில் 74 டிகிரி வந்ததும் எடுத்துவிட்டேன். கோழிக்குப் பாதுகாப்பான சூடு என்று சொல்லப்படுவது அதுதான். இன்னொன்றை, நான் வழக்கமாகச் செய்வதுபோல, 'நல்லா வெந்திருக்கணும்' என்று 85 டிகிரி வரை விட்டேன். முதல் துண்டு 190 கிராம் வந்தது. இரண்டாவது 162. இரண்டிலும் புரதம் ஒரே 56 கிராம். ஆனால் 100 கிராமுக்கு என்று பார்த்தால் முதலாவதில் 29.6, இரண்டாவதில் 34.7. ஒரே கடை, ஒரே கோழி, ஒரே அடுப்பு. பத்து நிமிடம் கூடுதலாக விட்டதில் 5 கிராம் வித்தியாசம். வெந்த கறியை நிறுத்து எண் போடுகிறவர்கள், தங்கள் கறி எந்தப் பதம் என்று தெரியாமல் எண் போடுகிறார்கள்.

அதனால் என் வழக்கம் இப்போது மாறிவிட்டது. கழுவி, வடியவிட்டு, மசாலா தடவுவதற்கு முன்னால் பச்சையாக மொத்தத்தையும் ஒரு தரம் நிறுப்பேன். மஞ்சள் தண்ணீரில் அலசிய கையோடு நிறுத்தால் ஒட்டியிருக்கும் தண்ணீரும் கணக்கில் ஏறும், கால் மணி நேரம் சல்லடையில் கிடக்கட்டும். தயிர், எண்ணெய் எல்லாம் தனியாக. சுட்டபின் மொத்தத்தையும் இன்னொரு தரம் நிறுப்பேன். பச்சை ஒரு கிலோ, சுட்டது 700 என்றால், சுட்ட ஒவ்வொரு 70 கிராமும் பச்சை 100 கிராமுக்குச் சமம். அந்த வாரம் முழுக்க அந்த விகிதம் போதும். உப்பு போட்டு ஊறவைத்த வாரத்தில் 740 வரும், அடுப்பை மறந்துவிட்டு போன் பேசிய வாரத்தில் 640 வரும். எதுவானாலும் பரவாயில்லை, மொத்தம் மாறாது.

கொழுப்பு உள்ள கறியில் கதை வேறு. இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கப் பட்டியலில் இருக்கும் ஹாம்பர்கர் கறிதான், ஏனென்றால் அதை நூற்றுக்கு இருபது கொழுப்பு என்று அளந்தே விற்கிறார்கள். பச்சையாக 100 கிராமில் புரதம் 17, கொழுப்பு 20, 254 கலோரி. நெருப்பில் வாட்டிய பிறகு 100 கிராமில் புரதம் ஏறத்தாழ 26, கொழுப்பு 18, கலோரி 270. இதை அப்படியே படித்தால் என்ன தோன்றும்? வாட்டியதால் கலோரி கூடிவிட்டது, கொழுப்பு கொஞ்சூண்டு குறைந்தது என்றுதானே? ஆனால் பச்சை 100 கிராம் வாட்டியபின் 67 கிராம்தான். அந்த 67 கிராமில் கொழுப்பு 12. கலோரி 180. ஆக, 8 கிராம் கொழுப்பு, மொத்தக் கொழுப்பில் ஐந்தில் இரண்டு பங்கு, சொட்டிப் போய்விட்டது. தண்ணீரும் கூடவே போனதால் கிராம் கணக்கில் அது தெரியவே இல்லை. ஒரு கிராமுக்கு எவ்வளவு என்ற எண் ஏறுகிறது, தட்டில் இருக்கும் மொத்தம் இறங்குகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மை.

இங்கே சொட்டியது எங்கே போயிற்று என்பதுதான் முக்கியம். கிரில்லில் அது தணலில் விழுந்து புகைந்துவிடும், அல்லது அடித்தட்டில் சேர்ந்து கழுவும் தொட்டிக்குப் போகும். யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. அதனால் கிரில்லின் இழப்பு உண்மையான இழப்பு.

குக்கரில் அப்படி இல்லை.

இதை எனக்கு உணர்த்தியது ஒரு கிண்ணம். ஒரு சனிக்கிழமை இரவு, மறுநாள் குழம்புக்காக அரைக் கிலோ எலும்பில்லாத ஆட்டுக்கறியை முன்கூட்டியே வேகவைத்தேன். பழக்கதோஷத்தில் எல்லாவற்றையும் நிறுத்தேன். கறி 500 கிராம், தண்ணீர் 200, உப்பு 5, மொத்தம் 705. ஐந்து விசில், அப்புறம் பிரஷர் தானாக அடங்கும் வரை காத்திருந்தேன். திறந்து, கறியை வடித்து நிறுத்தால் 305 கிராம். தண்ணீர் 365. கூட்டினால் 670. விசிலில் ஆவியாகப் போனது வெறும் 35 கிராம்.

கறி 500-லிருந்து 305 ஆகியிருக்கிறது. ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. கிரில்லைவிட மோசம். தண்ணீருக்குள்ளேயே கிடந்த கறி, நெருப்பில் கிடந்த கறியைவிட அதிகத் தண்ணீரை இழந்தது எப்படி என்று கேட்டால், மேலே சொன்ன பிழிதல்தான் பதில். குக்கரின் குண்டு பிடித்து வைக்கும் அழுத்தத்தில் உள்ளே சூடு 120 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தச் சூட்டில் எந்தப் புரதமும் தன் பிடியை வைத்திருக்க முடியாது, துண்டின் நடுப்பகுதி வரை முழுக்கப் பிழிபட்டுவிடும். வெளியே தண்ணீர் இருக்கிறது என்பதால் அது திரும்ப உள்ளே போகாது. அப்படியும் குக்கர் கறி வாயில் மெத்தென்று இருக்கிறதே என்றால், அது ஈரம் இல்லை, ஜெலட்டின். முதலில் சுருங்கிப் பிழிந்த அதே கொலாஜன் தொடர்ந்து வேகும்போது இளகி ஜெலட்டின் ஆகி நார்களுக்கு நடுவில் பிசுபிசுப்பாக நிற்கிறது. எலும்பில்லாத தொடைக்கறியை குக்கரில் போட்டால் சவசவவென்று நார் நாராக வருவதும், நெஞ்செலும்பும் சவ்வும் உள்ள துண்டு வழுவழுவென்று வருவதும் இதனால்தான். இழந்த தண்ணீர் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே.

கிண்ணத்துக்கு வருகிறேன். அந்த 365 கிராம் தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மேலே வெள்ளையாக, கெட்டியாக ஒரு மூடி உறைந்திருந்தது. கத்தியால் விளிம்பைத் தட்டினால் தோசைபோல ஒரே வட்டமாகக் கழன்று வந்தது. நிறுத்தேன், 22 கிராம். கொஞ்சம் நீர் சிக்கியிருக்கலாம் என்றாலும் மற்றதெல்லாம் ஆட்டுக் கொழுப்பு. கீழே இருந்தது தண்ணீராக இல்லை, ஜெல்லிபோல ஆடியது.

அந்த 22 என்ற எண்ணில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஏனென்றால் அமெரிக்கப் பட்டியல்படி பச்சை ஆட்டுக்கறியில் 100 கிராமுக்குக் கொழுப்பு 2.3 கிராம்தான். அரைக் கிலோவில் மொத்தமே 11.5 இருக்க வேண்டும். நான் மேலாக அள்ளியதே அதைப்போல் இரண்டு மடங்கு, துண்டுக்குள் இன்னும் மிச்சம் வேறு இருக்கிறது. பட்டியலில் இருக்கும் ஆடும் என் கறிக்கடை ஆடும் ஒன்று இல்லை. பட்டியல்காரர்கள் அளந்தது மெலிந்த சதையை. எங்கள் கடைக்காரரோ, எடை போடும்போது "ருசியா இருக்கும்ணா" என்று ஒரு துண்டுக் கொழுப்பை எடுத்து உள்ளே வைப்பார். ஆட்டுக்கறி விஷயத்தில் செயலியில் இருக்கும் கொழுப்பு எண்ணை நான் இப்போது நம்புவதே இல்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுப் பட்டியல் நம்மூர்க் கறிக்கு இன்னும் பக்கத்தில் இருக்கும், ஆனால் அதிலும் எண்கள் பச்சைக் கறிக்குத்தான். குக்கருக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை அவரவர் வீட்டுத் தராசுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த கேள்வி, புரதமும் தண்ணீருக்குப் போய்விட்டதா? 'சூப்பில்தான் எல்லாச் சத்தும்' என்று எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சொல்கிறார்கள். ஜெல்லியில் 50 கிராம் எடுத்து, அகலமான எவர்சில்வர் தட்டில் மெல்லிசாகப் பரப்பி, அடுப்பின் குறைந்த சூட்டில் காயவிட்டேன். கடைசியில் தட்டில் ஒட்டிய பழுப்பு நிறப் படலம் 2.5 கிராம். பத்தில் ஒரு கிராமைக் காட்டும் சின்னத் தராசு இல்லாவிட்டால் இதைச் செய்ய முடியாது. அந்த விகிதத்தில் கொழுப்பு நீக்கிய 343 கிராம் ஜெல்லியிலும் சேர்த்து 17 கிராம் திடப்பொருள். அதில் நான் போட்ட உப்பில் ஒரு பங்கு, மூன்று கிராமுக்கு மேல். மிச்சம் 14. அந்தப் பதினான்கிலும் பொட்டாசியம் போன்ற தாதுக்களும் கிரியேட்டின் போன்ற சின்னச் சின்னப் பொருள்களும் உண்டு. அவற்றைக் கழித்தால் உண்மையான புரதம் பத்து கிராமைத் தாண்டாது.

அரைக் கிலோ கறியில் இருந்த மொத்தப் புரதம் 95-லிருந்து 100 கிராம். பத்தில் ஒன்று சூப்புக்குப் போயிருக்கிறது, ஒன்பது பங்கு கறியிலேயே நிற்கிறது. அந்த ஒரு பங்கிலும் பெரும்பகுதி ஜெலட்டின். அதில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் கிடையாது, அதை மட்டும் நம்பி உடம்பு தசை கட்ட முடியாது. மொத்தத்தில், வெந்த துண்டுகளில் 100 கிராமுக்கு 28, 29 கிராம் புரதம். சூப்பில் 100 கிராமுக்கு 3 கிராம்கூட இல்லை. பாட்டி சொன்ன சத்து என்பது தாதுக்களாகவும் கரையும் பி வைட்டமின்களாகவும் இருக்கலாம், அதில் தப்பில்லை. புரதம் மட்டும் அங்கே இல்லை.

இப்போது அப்பாவின் இலைக்கு வரலாம். குக்கர் செய்தது என்ன? தண்ணீரையும் கொழுப்பையும் கறியிலிருந்து பிரித்துக் குழம்புக்கு அனுப்பியது. புரதத்தைக் கறியிலேயே விட்டது. எதையும் வெளியே கொட்டவில்லை, இடம் மாற்றி வைத்தது, அவ்வளவுதான். பிறகு அம்மா அந்தத் தண்ணீரில்தான் குழம்பு கூட்டுகிறார். தாளிக்க 30 கிராம் எண்ணெய். 40 கிராம் தேங்காய்த் துருவல் அரைத்து ஊற்றினால் அதில் ஏறத்தாழ 16 கிராம் கொழுப்பு. குக்கர் தண்ணீரில் வந்த 22-ஐயும் சேர்த்தால் 68. கறித்துண்டு நீங்கலாகக் குழம்பு மட்டும் 600 கிராம் வரும். ஆக, 100 கிராம் குழம்பில் 11 கிராமுக்கு மேல் கொழுப்பு. எங்கள் வீட்டுக் குழிக்கரண்டி 70 கிராம் பிடிக்கும். மூன்று கரண்டிக்கு 24 கிராம் கொழுப்பு. மேலாக மொண்டால் இன்னும் கூடும், அவர் மேலாகத்தான் மொள்ளச் சொல்வார்.

அவர் ஒதுக்கி வைத்த நான்கு துண்டுகளில் இருந்தது 20 கிராமுக்கும் மேல் புரதம். இந்த வயதில் அவருக்குத் தேவையானது அதுதான். கொழுப்பைத் தவிர்ப்பதாக நினைத்துக்கொண்டு அதைத் தவிர்த்துவிட்டு, கொழுப்பைச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நானும் யோக்கியன் இல்லை. என் பங்குக் குழம்பை அதுவரை எப்படி எழுதினேன் தெரியுமா? 'மட்டன் கறி, ஒரு கிண்ணம்'. அந்த ஒரு கிண்ணத்தில் ஆறு துண்டும் ஒரு கரண்டியும் இருக்கலாம், இரண்டு துண்டும் மூன்று கரண்டியும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு சாப்பாடு. முழுப் பாத்திரத்தையும் நிறுத்து நாலாக வகுக்கும் முறையைச் சிலர் சொல்வார்கள். அது கூட்டு, பொரியல், கொத்துக்கறிக்குச் சரி. துண்டும் சாறும் தனித்தனியாக நிற்கும் குழம்புக்கு அது உதவாது. துண்டை ஒரு கணக்காகவும் சாற்றை ஒரு கணக்காகவும் நிறுத்தால் பொருந்துகிறது. எலும்போடு சமைத்தால், சாப்பிட்டு முடித்தபின் எலும்பை நிறுத்துக் கழித்துக்கொள்வேன். விருந்தாளிகள் வந்த ஒரு நாள் இதைச் செய்து மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதனால் விருந்து நாட்களில் கணக்குக்கு விடுமுறை.

அப்பாவிடம் எண்களைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அப்ப இத்தனை நாள் நான் சாப்பிட்டது?" என்றார். பதில் சொல்லவில்லை. "குழம்பில்லாம சோறு எறங்குமா கண்ணு?" என்றார் அடுத்ததாக. அது நியாயமான கேள்விதான்.

அடுத்த ஞாயிறு முறையை மாற்றினோம். அதே அளவு கறி. சனிக்கிழமை இரவே உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டு குக்கரில் வேகவைத்து, கறியையும் தண்ணீரையும் தனித்தனியாக ஃபிரிட்ஜில் வைத்தோம். காலையில் வெள்ளை மூடியைக் கழற்றிவிட்டு, ஜெல்லியில் அம்மா குழம்பு கூட்டினார். இந்த வரிசை முக்கியம். முதல் முறை முயன்றபோது முழுக் குழம்பையும் செய்துவிட்டுத்தான் ஃபிரிட்ஜில் வைத்தோம். அரைத்த தேங்காயும் மசாலாவும் கொழுப்பைப் பிடித்துக் குழம்போடு கலந்து வைத்துக்கொண்டன. மேலே உறைந்தது ஏதோ சிவப்பு வளையம், அதையும் எடுத்தபோது காரமும் மணமும் கூடவே போயிற்று. மசாலா போடுவதற்கு முன்னால் எடுத்தால்தான் சுத்தமாக வருகிறது. கோழியில் இது இவ்வளவு எளிதாக நடக்காது. கோழிக்கொழுப்பு ஃபிரிட்ஜிலும் கொழகொழவென்றுதான் இருக்கும், கரண்டியால் வழித்துத்தான் எடுக்க வேண்டும்.

22 கிராமை எடுத்துவிட்டதில் அப்பாவின் மூன்று கரண்டியில் 24 கிராமாக இருந்தது 17-க்கு வந்தது. பெரிய புரட்சி இல்லை. எண்ணெயும் தேங்காயும் அப்படியே இருக்கின்றனவே. ஆனால் கரண்டியை இரண்டாகக் குறைத்து, நான்கு துண்டு கறி வாங்கிக்கொள்ள அவர் ஒத்துக்கொண்டார். முதல் துண்டைக் கடித்துவிட்டு, "என்ன இருந்தாலும் சாறு எறங்காத கறி மாதிரி வராது" என்றார். உண்மைதான். கறியில் இருந்து இறங்கியதைத்தான் நாம் ருசி என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கழற்றிய அந்த வெள்ளை வட்டத்தை ஒரு சின்னக் கிண்ணத்தில் போட்டு, மாதக் கடைசியில் மொத்தமாக நிறுத்துப் பார்க்கலாம் என்று ஃபிரிட்ஜின் மேல் தட்டில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலை பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அடுப்பில் முட்டை பொரிந்துகொண்டிருந்தது, வீடு முழுக்க ஆட்டுக்கறி வாசம்.

"நல்ல கொழுப்பைப் போய் யாராச்சும் கொட்டுவாங்களா?" என்றார் அம்மா. இரண்டு முட்டை ஒரு தட்டிலும் இரண்டு இன்னொன்றிலும் விழுந்தன. நான் செயலியைத் திறந்து, ஆளுக்கு 11 கிராம் என்று எழுதிக்கொண்டேன்.